குடிநீர்க் குழாய் உடைப்பு: வால்வு மூடுவது முதல் மண் மூடுவது வரை

இந்த அத்தியாயம் 100 மி.மீ. முதல் 200 மி.மீ. வரையுள்ள தெருக் குழாய்களைப் பற்றியது. கிளாம்ப் போட்டும், கப்ளிங் போட்டும் உடைப்பைச் சரிசெய்வதை ஒரே எடுத்துக்காட்டின் வழியாகப் பார்ப்போம். கரிசல் மண் உள்ள ஒரு ஊர். தெரு ஓரத்தில் ஒரு மீட்டர் ஆழத்தில் 150 மி.மீ. வார்ப்பிரும்புக் குழாய் கிடக்கிறது. மேல்நிலைத் தொட்டியின் நீர்மட்டம் தெருவைவிட 15 மீட்டர் உயரம், அதாவது குழாயில் சுமார் ஒன்றரைக் கிலோ அழுத்தம். கோடையில் வெடித்துக் கிடந்த மண் முதல் மழையில் உப்பி அசைந்திருக்கிறது. காலை விநியோக நேரத்தில் சாலையைப் பிளந்துகொண்டு தண்ணீர் பொங்குகிறது.

இந்த வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள். குழாயின் வெளிவிட்டத்தை அளக்காமல் கிளாம்ப் கொண்டுவருவது ஒன்று. குழி நிறையச் சேறு இருக்கும்போதே வால்வை முழுக்க மூடிவிடுவது மற்றொன்று. முதலாவதில் வேலை நீளும். இரண்டாவதில் சாக்கடை கலந்த தண்ணீர் குழாய்க்குள் போய் வீடுகளுக்குச் சேரும். ஆகவே இரண்டாவதைப் பற்றி அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

தண்ணீரைப் பிரிப்பது

குழாயில் அழுத்தம் இருக்கும் வரை உடைப்பின் வழியே தண்ணீர் வெளியே வரும். அழுத்தம் போய்விட்டால் வெளியே இருப்பது உள்ளே போகும். குழாய் ஒரு முனையில் தாழ்ந்திருந்தால் அந்தப் பக்கம் வடியும் தண்ணீர் குழியின் சேற்றைப் பின்னாலேயே இழுத்துக்கொள்ளும். வீடுகளில் குழாயோடு நேரடியாக மோட்டார் பொருத்தியிருந்தால் இந்த இழுப்பு இன்னும் கடுமையாக இருக்கும். ஆகவே முதல் கட்டத்தில் தண்ணீரைக் குறைக்க வேண்டுமே தவிர நிறுத்தக்கூடாது. குழி தோண்டி, குழாயின் அடிக்குக் கீழே நீர்மட்டம் இறங்கும் வரை உடைப்பிலிருந்து தண்ணீர் சிறிதளவு வழிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அதற்கு முதலில் எந்தெந்த வால்வுகள் இந்தத் துண்டைப் பிரிக்கின்றன என்று தெரிய வேண்டும். நம் எடுத்துக்காட்டில் தொட்டிப் பக்கம் ஒரு ஸ்லூயிஸ் வால்வு. குழாயின் மறுமுனை அடுத்த தெருக் குழாயோடு சேர்கிறது, அங்கே இன்னொரு வால்வு. நடுவில் சந்துக்குப் பிரியும் கிளையில் மூன்றாவது. தொட்டிப் பக்க வால்வை மட்டும் மூடினால் மறுமுனையிலிருந்து தண்ணீர் திரும்பி வந்துகொண்டே இருக்கும். "மூடியாச்சே, இன்னும் எப்படி வருது?" என்ற கேள்வி எழும் இடங்களில் பாதி இப்படித் திரும்பிவரும் தண்ணீர்தான்.

ஸ்லூயிஸ் வால்வை முழுக்க மூட எத்தனை சுற்று என்பதற்கு ஒரு பழகிய கணக்கு உண்டு. குழாயின் அங்குல அளவை மூன்றால் பெருக்கி இரண்டோ மூன்றோ கூட்டுங்கள். 6 அங்குலக் குழாய்க்கு 20 அல்லது 21 சுற்று வரும். இந்தச் சுற்றுகள் சம பலன் தருவதில்லை. முதல் பத்து, பன்னிரண்டு சுற்றில் வெளியே தண்ணீர் அப்படியேதான் பொங்கும். வால்வு வேலை செய்யவில்லை என்று அவசரப்படக்கூடாது. கடைசிக் கால்பங்கில்தான் தண்ணீர் சட்டென்று தணியும். அதனால்தான் அந்தக் கடைசிச் சுற்றுகளை மிக மெதுவாகச் சுற்ற வேண்டும். ஓடும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் உந்துதல் அழுத்த அடியாக மாறி, ஏற்கெனவே பலவீனமான பழைய குழாயை இன்னொரு இடத்தில் உடைக்கும்.

வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மறுமுனை வால்வையும் கிளை வால்வையும் முழுக்க மூடுங்கள். பிறகு தொட்டிப் பக்க வால்வை மூடிக்கொண்டே வந்து, உடைப்பில் தண்ணீர் பீய்ச்சுவது நின்று வெறுமனே வழியும் நிலையில் நிறுத்துங்கள். வழக்கமாகக் கடைசி ஒன்றிரண்டு சுற்று மிச்சமிருக்கும். இப்போது உடைப்புக்கு ஒரே ஒரு பக்கத்திலிருந்துதான் தண்ணீர் வருகிறது, அதன் அளவு உங்கள் கையில் இருக்கிறது. அந்தத் தெருவிலும் பக்கத்துச் சந்திலும் மோட்டார் போட வேண்டாம் என்று வீடுவீடாகச் சொல்ல ஒருவரை அனுப்புங்கள்.

வால்வில் நிற்பவரும் குழியில் நிற்பவரும் ஒரே தெருவில் இருக்கமாட்டார்கள். போனில் பேசும்போது சுற்றுக் கணக்கோடு பேச வேண்டும்.

"அண்ணே, இருபது சுத்து ஆச்சு, மூடிட்டேன்."

"கடைசியில கெட்டியா நின்னுச்சா, இல்ல பாதியில இறுகிடுச்சா?"

"பதினேழுல இறுகிடுச்சு. அதுக்கு மேல தள்ளித்தான் சுத்தினேன்."

இந்தப் பதிலில் ஒரு செய்தி இருக்கிறது. பதினேழில் இறுகினால் கதவு உட்காரும் பள்ளத்தில் மண்ணோ துருக்கட்டியோ சேர்ந்திருக்கலாம். தள்ளிச் சுற்றினால் ஸ்பிண்டில் முறியும். நான்கைந்து சுற்று திறந்து, தண்ணீர் அந்தக் கசடை அடித்துப் போகவிட்டு, மறுபடி மூட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படி முன்னும் பின்னும் சுற்றினால் பெரும்பாலும் சரியாக உட்காரும். உட்காராவிட்டால் வால்வு சாவியில் நீளக் குழாய் செருகிப் பலம் கொடுக்காதீர்கள். அடுத்த வெளி வால்வுக்குப் போங்கள். கூடுதலாக ஒரு தெருவுக்குத் தண்ணீர் நிற்கும், ஆனால் வேலை நடக்கும்.

வால்வு முழுக்க மூடியிருக்கிறதா என்று அறிய, ஸ்பிண்டிலின் மேல் ஓர் இரும்புக் கம்பியை வைத்து மறுமுனையைக் காதருகே பிடியுங்கள். உள்ளே கசிந்தால் "ஸ்ஸ்" என்ற ஓசை விடாமல் கேட்கும். மூடிய ஒவ்வொரு வால்விலும் "வேலை நடக்கிறது, திறக்காதீர்கள்" என்று அட்டை கட்டி, எத்தனை சுற்று என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வேலை முடிந்து திறக்கும்போது அதே எண்ணிக்கை வர வேண்டும்.

குழி

தோண்டுவதற்கு முன் மின்கேபிளும் தொலைபேசிக் கேபிளும் எங்கே போகின்றன என்று கேட்டறியுங்கள். உடைப்புத் தண்ணீர் சாலைக்கு அடியில் மண்ணைக் கரைத்து வெற்றிடம் உண்டாக்கியிருக்கும். மேலே தார் மட்டும் தகடுபோல நிற்கும். ஓரத்தைக் கம்பியால் தட்டிப் பார்த்து, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் ஒலிக்கும் பகுதியை முதலிலேயே உடைத்து இறக்கிவிடுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளிப் போடுங்கள். ஆழம் ஒன்றரை மீட்டருக்கு மேல் போனால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக்கூடாது. ஈரம் ஊறிய கரிசல் அதற்குக் குறைந்த ஆழத்திலும் சரியும், அங்கும் முட்டு தேவை.

குழாயின் இரு பக்கமும் ஓர் ஆள் குனிந்து வேலை செய்ய இடம் வேண்டும், 60 செ.மீ. போதும். குழாய்க்குக் கீழே 30 செ.மீ. காலி வேண்டும். கிளாம்ப்பின் போல்ட்டைச் சுற்றவும், அடியைத் துடைக்கவும், அதைவிட முக்கியமாக நீர்மட்டம் குழாயைத் தொடாமல் இருக்கவும் அந்த இடம் பயன்படும். குழியின் ஒரு மூலையில் இன்னும் ஓர் அடி ஆழமாகத் தோண்டி, டீசல் பம்ப்பின் உறிஞ்சு குழாயை அதில் போடுங்கள். நீர் தேங்கிய குழியில் மின் மோட்டாரை இறக்காமல் இருப்பதே பாதுகாப்பு.

அளந்து, பார்த்து, முடிவெடுப்பது

குழாய் வெளியே தெரிந்ததும் கம்பிப் பிரஷ்ஷால் துருவையும் மண்ணையும் சுரண்டிச் சுத்தம் செய்து, உடைப்பின் இரு பக்கமும் டேப்பைச் சுற்றி அளங்கள். வரும் சுற்றளவை 3.14 ஆல் வகுத்தால் வெளிவிட்டம். "ஆறு அங்குலக் குழாய்" என்று ஒரே பெயரில் சொன்னாலும் வெளிவிட்டம் ஒன்றல்ல. இன்றைய தர அளவில் வார்ப்பிரும்பும் டி.ஐ. குழாயும் 170 மி.மீ., ஜி.ஐ. குழாய் 165 மி.மீ. அளவில், அதே வேலைக்குப் போடும் பி.வி.சி. குழாய் 160 மி.மீ. மிகப் பழைய வார்ப்பிரும்பில் இதுவும் மாறியிருக்கும். டேப்பில் 534 மி.மீ. வந்தால் 170, 503 வந்தால் 160. ஒவ்வொரு கிளாம்ப்பிலும் எந்த விட்டத்திலிருந்து எந்த விட்டம் வரை பிடிக்கும் என்று பொறித்திருக்கும். உங்கள் அளவு அதன் நடுப்பகுதியில் விழுந்தால் நல்லது. ஓரத்தில் விழுந்தால் போல்ட் முழுக்க இறுகியும் ரப்பர் அழுந்தாது.

அடுத்து உடைப்பின் வகையைப் பாருங்கள். நம் எடுத்துக்காட்டில் உப்பிய மண் குழாயை ஒரு பக்கம் தூக்கி வளைத்திருப்பதால், குழாயைச் சுற்றி வளையம்போல் விரிசல் போயிருக்கும். சிறிய விட்ட வார்ப்பிரும்பில் மிகவும் வழக்கமான உடைப்பு இதுதான். துருப்பிடித்து விழுந்த சிறு துளைக்கும் வளைய விரிசலுக்கும் முழுவட்டக் கிளாம்ப் ஏற்றது. இது துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. உள்ளே முழுச் சுற்றுக்கும் ரப்பர் விரிப்பு இருக்கும். 150 மி.மீ. குழாய்க்கு 300 மி.மீ. நீளமுள்ள கிளாம்ப் போட்டால், விரிசல் நடுவில் இருக்க இரு பக்கமும் 15 செ.மீ. முழுக் குழாயைப் பிடித்துக்கொள்ளும்.

குழாயின் நீளத்தில் போகும் பிளவுக்குக் கிளாம்ப் போடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் முனைக்கு அப்பாலும் மயிரிழையாக அது ஓடியிருக்கும். அடுத்த முறை அழுத்தம் ஏறும்போது கிளாம்ப்பைத் தாண்டித் திறக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். முழுக் குழாய் கணீரென்று ஒலிக்கும், பிளந்த இடம் மந்தமாக ஒலிக்கும். ஒலி மாறும் இடத்துக்கு அப்பால் ஓர் அடி தள்ளி வெட்டி எடுத்து, புதிய துண்டை இரண்டு கப்ளிங்கால் சேர்க்க வேண்டும். ஈயம் காய்ச்சி ஊற்றிய பழைய ஜாயிண்டில் கசிந்தால் அதற்கு இந்த இரண்டுமே பொருந்தாது. ஜாயிண்டின் தடித்த வாயைப் பிடிக்கும் வேறு கிளாம்ப் தேவை.

கிளாம்ப் போடுவது

வளைய விரிசலுக்குத் தண்ணீரை முழுக்க நிறுத்தாமலே கிளாம்ப் போடலாம். அதனால்தான் இதை முதலில் முயல வேண்டும். குழாய்க்குள் எதுவும் நுழையவே இல்லை என்பது இதன் பெரிய பலன்.

பிளீச்சிங் பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால், லிட்டருக்கு 40 கிராம் கரைத்தால் ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். கலக்கித் தெளியவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, அந்தத் தெளிவில் நனைத்த துணியால் குழாயின் வெளிப்புறத்தையும் கிளாம்ப்பின் ரப்பரையும் நன்றாகத் துடையுங்கள். கிளாம்ப்பை மண்ணில் வைக்காதீர்கள், சுத்தமான சாக்கின் மேல் வையுங்கள்.

பிறகு விரிசலின் நடுவிலிருந்து இரு பக்கமும் 15 செ.மீ. தள்ளிக் குழாய் மேல் சாக்பீஸால் கோடு போடுங்கள். தண்ணீர் வழியும் இடத்தில் கிளாம்ப்பை நேரே சுற்ற முயன்றால் ரப்பரின் ஓரம் மடிந்துபோகும். விரிசலுக்குப் பக்கத்தில், காய்ந்த குழாய்ப் பகுதியில் அதைச் சுற்றி, போல்ட்டுகளைக் கையால் தளர்வாக மாட்டுங்கள். ரப்பரின் மெலிந்த நாக்கு மறுமுனையின் அடியில் சுருக்கமில்லாமல் நழுவியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். சோப்புத் தண்ணீரைத் தடவி, கிளாம்ப்பை விரிசல் மேல் கோட்டுக்குக் கோடு சேரும்வரை நகர்த்துங்கள். எண்ணெயும் கிரீஸும் இந்த வகை ரப்பரை நாளடைவில் உப்பிப்போகச் செய்யும், அவை வேண்டாம்.

இறுக்குவது நடு போல்ட்டில் தொடங்கி வெளியே போக வேண்டும். ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போகாதீர்கள், எல்லாவற்றையும் சிறிது சிறிதாகச் சுற்றுங்கள். எவ்வளவு இறுக்குவது என்று தயாரிப்பாளர் கிளாம்ப்பின் மேல் அல்லது தாளில் கொடுத்திருப்பார். டார்க் ஸ்பேனரை அந்த எண்ணில் வைத்து இறுக்குங்கள். எஃகு போல்ட்டும் நட்டும் மண் பட்டு வேகமாகச் சுற்றினால் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டு நின்றுவிடும். ஆகவே மரைகளைத் துடைத்து வையுங்கள், பவர் ரெஞ்ச் போடாதீர்கள்.

இறுக்கி முடித்ததும் கிளம்பிவிடாமல் பத்து நிமிடம் காத்திருங்கள். ரப்பர் அழுந்தி இடம் கொடுத்திருக்கும், போல்ட் தளர்ந்திருக்கும். மறுபடி ஒருமுறை அதே அளவுக்கு இறுக்க வேண்டும். பழுதுபார்த்த இடம் ஒரு வாரத்தில் கசிவதற்குப் பெரும்பாலும் இந்த இரண்டாம் இறுக்கம் விடுபட்டதே காரணம்.

வெட்டி, கப்ளிங் போடுவது

சுத்தம் செய்து தட்டிப் பார்த்தபோது வளைய விரிசலிலிருந்து ஒரு கிளை நீளவாட்டில் ஓடியிருப்பது தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது வெட்ட வேண்டும். குழியின் நீர்மட்டம் குழாயின் அடிக்கு 30 செ.மீ. கீழே இருக்கிறது, பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே தொட்டிப் பக்க வால்வின் கடைசிச் சுற்றுகளை மூடச் சொல்லுங்கள்.

வெட்டினால் மீதிக் குழாய் முனைகள் தொய்யும், அதனால் முதலில் இரு பக்கமும் மணல் மூட்டை முட்டுக் கொடுங்கள். 1,000 மி.மீ. நீளத்துக்குச் சங்கிலி கட்டரால் நேராக வெட்டி எடுங்கள். வெட்டு முனையின் பிசிறை அரத்தால் தேய்த்து, விளிம்பை மழுக்குங்கள். வார்ப்பிரும்புக்குப் பதில் பழைய ஏ.சி. குழாயாக இருந்தால் பவர் டிஸ்க் போட்டு உலர வெட்டாதீர்கள். அதன் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கிறது. நனைத்துக்கொண்டே கை ரம்பத்தால் வெட்டி, முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

புதிய டி.ஐ. துண்டை 980 மி.மீ. நீளத்தில் வெட்டுங்கள். அப்போது ஒவ்வொரு முனையிலும் 10 மி.மீ. இடைவெளி கிடைக்கும். குழாய் சூட்டில் நீளவும், கப்ளிங்குக்குள் சற்று அசையவும் இந்த இடைவெளி வேண்டும். பழைய முனைகள் இரண்டிலும் கப்ளிங்கின் முழு நீளத்துக்கும் சற்றுக் கூடுதலாகத் துருவைச் சுரண்டுங்கள், ஏனென்றால் கப்ளிங் முழுவதும் அந்த முனையின் மேல் நகர வேண்டும். கப்ளிங்கின் பாதி நீளத்தை நான்கு முனைகளிலும் கோடாகக் குறியுங்கள். கப்ளிங் 200 மி.மீ. என்றால் கோடு முனையிலிருந்து 95 மி.மீ. தள்ளி. இடைவெளியின் பாதி 5 மி.மீ. அதில் சேர்ந்துவிடும்.

புதிய துண்டின் உட்புறத்தையும், பழைய முனைகளின் உட்புறத்தையும், ரப்பர் வளையங்களையும் குளோரின் கரைசலில் துடையுங்கள். இரண்டு கப்ளிங்கையும் பழைய முனைகளின் மேல் முழுக்கத் தள்ளிவைத்து, புதிய துண்டை நேர்க்கோட்டில் இறக்கி, கப்ளிங்குகளை இரு பக்கமும் கோட்டுக்குக் கோடு வரும்வரை இழுங்கள். கோடு தெரியவில்லை என்றால் ஒரு முனை கப்ளிங்குக்குள் போதிய ஆழம் போகவில்லை என்று பொருள். எதிரெதிர் போல்ட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்குங்கள்.

சாதாரண கப்ளிங் தண்ணீரைத்தான் அடைக்கும், குழாயை இழுத்துப் பிடிக்காது. 170 மி.மீ. வட்டத்தின் பரப்பு சுமார் 227 சதுர செ.மீ. ஒன்றரைக் கிலோ அழுத்தத்தில் முனையைத் தள்ளும் பலம் 340 கிலோ. பம்ப்பிலிருந்து நேரடியாக வரும் குழாயில் 4 கிலோ அழுத்தம் இருந்தால் 900 கிலோவைத் தாண்டும். நேர்க்குழாயில் இருபுறமும் ஒன்றையொன்று சமன்செய்துவிடும், சுற்றியுள்ள மண்ணும் பிடிக்கும். ஆனால் வளைவுக்கோ, மூடிய முனைக்கோ, டீக்கோ அருகில் இதைப் போட்டால் அந்த வளைவு நகர்ந்து கப்ளிங்கிலிருந்து குழாய் உருவிக்கொள்ளும். அங்கே இழுத்துப் பிடிக்கும் வகைக் கப்ளிங் போடுங்கள், அல்லது வளைவின் பின்னால் கான்கிரீட் முட்டுக் கட்டி அது இறுகிய பிறகே அழுத்தம் ஏற்றுங்கள்.

தண்ணீர் விடுவது, மண் மூடுவது

மறுமுனையில் ஒரு ஸ்கவர் வால்வையோ ஹைட்ரண்டையோ திறந்து வைத்து, தொட்டிப் பக்க வால்வை இரண்டு மூன்று சுற்று மட்டும் திறங்கள். உள்ளே இருக்கும் காற்று அந்த வாய் வழியாகப் போகட்டும். முதலில் காற்றும் தண்ணீரும் கலந்து துப்பும், பிறகு கலங்கல் வரும், பிறகு தெளியும். தெளிந்த பிறகு அதே இடத்தில் குளோரின் சோதனைக் குப்பியில் எஞ்சிய குளோரினைப் பாருங்கள். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது. வெட்டிச் சேர்த்த குழாயில் இதைச் சரியாகப் பார்க்காமல் வீடுகளுக்கு விடாதீர்கள்.

வாயை மூடி முழு அழுத்தம் ஏறியதும் கால்மணி நேரம் குழியைப் பாருங்கள். ரப்பர் ஓரத்தை உலர்ந்த துணியால் துடைத்து, மறுபடி ஈரம் வருகிறதா என்று தடவுங்கள். கிளாம்ப்பின் ஒரு ஓரம் மட்டும் வியர்த்தால் கிளாம்ப் கோணலாக இருக்கிறது. அழுத்தத்தைத் தணித்து, தளர்த்தி, நேராக்கி மறுபடி இறுக்குங்கள். அழுத்தத்தோடு மேலும் இறுக்கிக்கொண்டே போனால் போல்ட்தான் போகும்.

கரிசல் மண்ணை அப்படியே திரும்பத் தள்ளினால் அடுத்த கோடையில் அது மறுபடி வெடிக்கும். குழாயின் அடியிலும் பக்கங்களிலும் மேலே 15 செ.மீ. வரையிலும் மணல் போட்டு, நனைத்து, கட்டையால் இடித்து இறுக்குங்கள். அதற்கு மேல் கல்லில்லாத மண்ணை 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் இடியுங்கள்.

மூடிய வால்வுகளை அட்டையில் எழுதிய சுற்று எண்ணிக்கைப்படி ஒவ்வொன்றாகத் திறங்கள். கிளை வால்வு ஒன்று மூடியே நின்றால் அந்தச் சந்துக்கு நாளைக் காலையில் தண்ணீர் வராது, அதை இன்னொரு உடைப்பென்று நினைத்து வேறு இடத்தில் தோண்டுவார்கள். பதிவேட்டில் அசையாத இரண்டு இடங்களிலிருந்து உடைப்பின் தூரம், அளந்த வெளிவிட்டம், உடைப்பின் வகை, கிளாம்ப்போ கப்ளிங்கோ எது போட்டது என்று எழுதுங்கள். அதே நீளக் குழாயில் இரண்டாவது வளைய விரிசல் பதிவானால் மூன்றாவது கிளாம்ப் வாங்காமல், அந்த நீளத்தையே மாற்றும் மதிப்பீட்டை அனுப்புங்கள்.